தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு விற்பனைக் குறிப்பு எழுதும் முறை

வாங்க வருபவர் முதலில் கேட்பது, "எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு இது சரிவருமா?" என்பதுதான். ஆகவே, "7 அடுக்குத் தூய்மை" போன்ற விளம்பரச் சொற்களை விடுத்து, நீரின் தன்மையிலிருந்தே குறிப்பைத் தொடங்குங்கள்.

முதல் படியாக, கருவி எவ்வளவு டி.டி.எஸ். வரை தாங்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்து எழுதுங்கள். டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருப்பது விரும்பத்தக்கது. போர் தண்ணீர் 1,200 காட்டும் வீட்டுக்கு, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. தேவை. யு.வி. விளக்கு கிருமிகளைச் செயலிழக்கச் செய்யுமே தவிர உப்பைக் குறைக்காது. அந்த 1,200 அப்படியே இருக்கும். மாறாக, 150 காட்டும் குழாய் நீருக்கு ஆர்.ஓ. வாங்கினால் சுவை சப்பென்று போவதோடு, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வீணாகவும் வெளியேறும். நான் ஒருமுறை "எல்லா வகை நீருக்கும் ஏற்றது" என்று எழுதிய யு.வி. கருவி, கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது என்ற புகாருடன் திரும்பி வந்தது. அந்த வரியை அதன் பிறகு எழுதியதில்லை.

தொட்டியின் கொள்ளளவையும் சுத்திகரிக்கும் வேகத்தையும் தனித்தனியே எழுதுங்கள். "15 லிட்டர்" என்று மட்டும் எழுதினால், மணிக்கு 15 லிட்டர் சுத்திகரிக்கும் 8 லிட்டர் தொட்டியை, 15 லிட்டர் தொட்டி என்று வாங்குபவர் எண்ணிவிடுவார்.

ஃபில்டர் செலவுதான் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. மாதிரிக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். வெளியே மாட்டும் ஸ்பன் ஃபில்டர் 150 ரூபாய் வீதம் ஆண்டுக்கு நான்கு முறை, 600. உள்ளேயிருக்கும் கார்பன், செடிமென்ட் இரண்டும் ஆண்டுக்கொரு முறை, 900. சர்வீஸ் ஆள் வரும் கட்டணம் 300 வீதம் இரு முறை, 600. ஆக 2,100 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆர்.ஓ.வில் உப்பை வடிகட்டும் 1,800 ரூபாய் மெம்பிரேனை மாற்றும் ஆண்டில் அது 3,900 ஆகிவிடும். "ஆண்டுச் செலவு 2,100" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. இரண்டு தொகைகளையும் கொடுங்கள். கலங்கலும் உப்பும் மிகுந்த நீரில் ஃபில்டர்களும் மெம்பிரேனும் சீக்கிரம் அடைபடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறிப்பின் இறுதி வடிவம் இப்படி அமையலாம்:

"ஆர்.ஓ. + யு.வி. முறை. 2,000 டி.டி.எஸ். வரையிலான போர், லாரித் தண்ணீருக்கு ஏற்றது. 200க்குக் கீழுள்ள குழாய் நீருக்குத் தேவையில்லை. தொட்டி 8 லிட்டர். வேகம் மணிக்கு 15 லிட்டர். பராமரிப்பு ஆண்டுக்குச் சுமார் 2,100 ரூபாய். மெம்பிரேன் மாற்றும் ஆண்டில் 3,900 ரூபாய்."