பார்க்காத புத்தகத்துக்கு மேற்கோள் போடாதீர்கள்

ஆசிரியர்களுக்கான சஞ்சிகை ஒன்றுக்கு வரும் கட்டுரைகளைக் கொழும்பில் இருந்து படித்துச் செப்பனிடுவது என் வேலை. ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் முதன்முறை எழுதுபவர்களின் கட்டுரைகள் வந்து குவியும். எழுத்துப்பிழை, காற்புள்ளி, உசாத்துணைப் பட்டியலில் அகரவரிசை பிசகுவது போன்றவற்றை நாங்களே சரிசெய்துவிடுவோம். அவற்றுக்காக யாருடைய கட்டுரையும் திரும்பிப் போவதில்லை. எங்கள் மேசையில் இருந்துகொண்டு திருத்த முடியாத தவறுகள் வேறு சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும்.

வன்னியில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர், செய்துபார்த்துக் கற்பது பற்றித் தன் முதற் கட்டுரையை அனுப்பியிருந்தார். தரம் 7 பிள்ளைகளைப் பயறு முளைக்கவைத்து, நாளுக்கு நாள் அளந்து, படம் வரைந்து எழுதச் செய்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் அதே பகுதியில் கேள்வி கேட்டிருக்கிறார். செய்துபார்த்த வகுப்பின் விடைகளையும், கரும்பலகையில் மட்டும் படித்த வகுப்பின் விடைகளையும் அருகருகே வைத்திருந்தார். படிக்கப் படிக்க மனம் நிறைந்தது. ஆனால் கட்டுரையின் முதல் வசனம் இப்படி இருந்தது:

"மனிதர் வாசிப்பதில் 10 சதவீதத்தையும், கேட்பதில் 20 சதவீதத்தையும், பார்ப்பதில் 30 சதவீதத்தையும், தாமே செய்வதில் 90 சதவீதத்தையும் நினைவில் வைத்திருக்கின்றனர் (டேல், 1946)."

எண்ணுக்குப் பின்னால் போகாமல் விடுவது

இந்த வசனத்தை நான் எத்தனையோ கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது. எழுதியவர் மேல் அல்ல, அந்த எண்கள் கைமாறிக் கைமாறி வருகிற விதத்தின் மேல். விடுமுறைக்கு வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்கு வந்திருந்த ரீச்சர் கட்டுரையைப் பற்றிப் பேச அலுவலகத்துக்கு வந்தார்.

"ரீச்சர், இது டேலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"பக்கம் தெரியாது சேர். செமினாரில தந்த தாளில இருந்தது. கீழ டேல், 1946 எண்டு போட்டிருந்தது."

"புத்தகத்தைப் பார்த்தீர்களா?"

"இல்லை சேர். எல்லாரும் போடுறவைதானே?"

தாளைத் தந்த வளவாளரிடம் தொலைபேசியில் கேட்டார். அவர் அதை வேறொரு பயிற்சியில் காட்டிய படவில்லையில் இருந்து எடுத்தாராம். அந்தப் படவில்லையிலும் பக்கம் இல்லை. இப்படி எத்தனை படி பின்னால் போனாலும் "டேல், 1946" என்ற இரண்டு சொல்தான் கிடைக்கும். ஒரு மேற்கோள் எங்கே போனாலும் பக்க எண் இல்லாமலே வருகிறது என்றால், அதைக் கொண்டுவந்தவர்களில் யாரும் நூலைத் திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

எட்கார் டேல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த கல்வியியலாளர். கற்பித்தலில் படம், ஒலி போன்ற சாதனங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1946இல் வந்தது. பின்னர் 1954இலும் 1969இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. அந்த நூலில் கூம்பு வடிவப் படம் ஒன்று உண்டு. அடியில் நேரடி அனுபவம், உச்சியில் வெறும் சொற்கள், இடையில் செய்துகாட்டல், களப்பயணம், கண்காட்சி, திரைப்படம் என்று அடுக்கியிருப்பார். பழைய பதிப்பின் ஸ்கேன் பிரதி ஒன்றைக் கணினியில் திறந்து ரீச்சரிடம் கொடுத்தேன். கூம்பு இருக்கும் பக்கத்துக்குப் போய் மேலும் கீழும் பார்த்தார். அடுத்த பக்கங்களையும் புரட்டினார்.

"சேர், இதில ஒரு எண்ணும் இல்லையே!"

இல்லை. அந்தக் கூம்பில் சதவீதம் எதுவுமே கிடையாது. எவ்வளவு நினைவில் நிற்கும் என்று டேல் அளக்கவும் இல்லை. கற்கும் அனுபவங்கள் எவ்வளவு நேரடியானவை, எவ்வளவு அருவமானவை என்று வகைப்படுத்திக் காட்டினார், அவ்வளவுதான். அந்தப் படிகளை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே எச்சரித்தும் இருக்கிறார். சதவீதங்கள் வேறு வழியாக வந்து பின்னாளில் கூம்போடு ஒட்டிக்கொண்டவை. 1967இல் ஒரு துறைச் சஞ்சிகையில் அவை எந்த மூலமும் காட்டப்படாமல் அச்சாகியிருக்கின்றன. இந்தக் கதை முழுவதையும் சுப்பிரமணி, மொலெண்டா, பீட்ரஸ், தால்ஹைமர் ஆகிய நால்வர் தேடித் தொகுத்து, 2014இல் 'எடியுகேஷனல் டெக்னோலஜி' சஞ்சிகையில் எழுதினார்கள். அந்த எண்களுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்டது.

நூல் கையில் இல்லாவிட்டாலும் இந்த எண்களைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டிருக்கலாம். எல்லாம் பத்துப் பத்தாக முடிகின்றன. உண்மையாக அளந்த எண்கள் அப்படி வரிசையாக வந்து நிற்பதில்லை. யாரிடம் அளந்தார்கள், எந்தப் பாடத்தில், ஒரு நாள் கழித்தா ஒரு மாதம் கழித்தா என்ற விபரம் எதுவும் இல்லை. அதோடு இதே மாதிரி எண்கள் வேறு உருவத்திலும் உலவுகின்றன. கற்றல் பிரமிட் என்ற பெயரில் விரிவுரைக்கு 5, வாசிப்புக்கு 10, கலந்துரையாடலுக்கு 50, பயிற்சிக்கு 75, பிறருக்குப் படிப்பித்தலுக்கு 90 என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. ஒரே பொருளுக்கு ஒத்துவராத இரண்டு பட்டியல்கள் இருந்தால், இரண்டுக்கும் மூலத்தைத் தேட வேண்டும்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு: கட்டுரையை மதிப்பிடுபவர் விபரம் தெரிந்தவராக இருந்தால் முதல் வசனத்திலேயே நம்பிக்கை இழப்பார். பிறகு வரும் பயறு முளைப்பின் அளவுகளையும், மூன்று வாரம் கழித்து எடுத்த விடைகளையும் அந்தக் கண்ணோடுதான் படிப்பார். ரீச்சரின் கையில் இருந்த உண்மையான சான்று, யாரோ கட்டிவிட்ட எண்ணால் மதிப்பிழந்திருக்கும். தெரியாதவராக இருந்தால் அதைவிட மோசம். கட்டுரை அச்சாகும். அடுத்த ஆண்டு இன்னொரு ஆசிரியர் எங்கள் சஞ்சிகையையே சான்றாகக் காட்டி அதே எண்ணை எழுதுவார்.

ரீச்சர் வசனத்தை அங்கேயே இருந்து மாற்றினார். முதலில் எண்களை வெட்டினார். பிறகு டேல் உண்மையில் சொன்னதை மட்டும் எழுதினார்: "கற்றல் அனுபவங்களை நேரடி அனுபவம் தொடக்கம் சொற்குறியீடு வரை டேல் (1946) வகைப்படுத்துகிறார்." கூம்பு இருந்த பக்கத்தின் எண்ணையும் அடைப்புக்குள் சேர்த்தார். செய்து கற்பது நினைவில் நிற்கிறதா என்ற கேள்விக்கு டேலைத் துணைக்கு அழைக்காமல், தன் இரண்டு வகுப்புகளின் விடைகளையே முன்னுக்குக் கொண்டுவந்தார். அதற்கு மேற்கோள் தேவையில்லை. எத்தனை பிள்ளைகள், எந்தத் திகதி, என்ன கேள்விகள், யார் புள்ளியிட்டது என்ற விபரம்தான் தேவை. அது எல்லாம் அவருடைய பதிவுக் கொப்பியில் இருந்தது.

'எடுத்தாளப்பட்டது' என்று எழுதக் கூச்சப்படுவது

மூல நூல் கிடைக்காத நேரங்கள் உண்டு. கிராமத்துப் பாடசாலையில் இருப்பவருக்கு அது இன்னும் அதிகம். அப்போது நீங்கள் எதை வாசித்தீர்களோ அதைச் சொல்லுங்கள். ரீச்சர் டேலின் நூலைப் பார்க்காமல் அந்த நால்வரின் கட்டுரையை மட்டும் வாசித்திருந்தால், உள்ளே இப்படி எழுதலாம்: (டேல், 1946, எடுத்தாளப்பட்டது: சுப்பிரமணி மற்றும் பலர், 2014). கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியலில் 2014 கட்டுரை மட்டும் இருக்கும், டேல் இருக்கக் கூடாது. அந்தப் பட்டியல் நீங்கள் கண்ணால் பார்த்தவற்றின் பட்டியல். பலர் இதைக் குறைவாக நினைத்து, மற்றவரின் பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். அந்த நூலில் இருந்த அச்சுப்பிழையும் சேர்ந்தே வருவதால், எங்களுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

மூலம் கையெட்டும் தூரத்தில் இருந்தும் தேடாமல் விடுவதற்கு இந்த முறையைச் சாட்டாக்க வேண்டாம். கொழும்புக்கு வரும் ஆசிரியர்கள் சுதந்திரச் சதுக்கத்துக்கு அருகிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். தமிழ் நூல்களுக்கு வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ஈழத்து வெளியீடு என்றால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் முதலில் தேடுங்கள். ஊரில் இருந்தே பார்க்கலாம்.

பதிப்பு ஆண்டைப் பேசிய ஆண்டாக நினைப்பது

"1978இல் வைகொட்ஸ்கி கூறினார்" என்று எழுதுகிறார்கள். வைகொட்ஸ்கி 1934இல் இறந்துவிட்டார். 1978 என்பது அவருடைய எழுத்துகளில் இருந்து வேறு சிலர் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் ஆண்டு. அடைப்புக்குள் அந்த ஆண்டைப் போடுவது சரிதான், வாசித்தது அந்த நூலை என்றால். வசனத்துக்குள் "கூறினார்" என்று அதே ஆண்டைச் சேர்ப்பதுதான் தவறு. கூடவே சாரக்கட்டு என்ற கருத்தையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் உதவியைச் சாரக்கட்டு என்று சொன்ன கட்டுரை வூட், புரூனர், ரொஸ் மூவரும் 1976இல் எழுதியது.

பாடநூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் இல்லாமல் விடுவது

எழுதியவர் பெயர் வரும் இடத்தில், பாடநூல் என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களம், ஆசிரியர் வழிகாட்டி என்றால் தேசிய கல்வி நிறுவகம், மகரகம என்று போடுங்கள். ஆண்டை மேலட்டையில் தேடாதீர்கள், உள்ளே பதிப்பு விபரம் உள்ள பக்கத்தில் பாருங்கள். பாடநூல்கள் திருத்தப்படும்போது பக்க எண்கள் நகர்ந்துவிடும். உங்கள் கையில் உள்ளது எந்தப் பதிப்பு என்பதைக் குறிக்காவிட்டால், நீங்கள் காட்டிய பக்கத்தில் வாசகருக்கு வேறொரு பாடம் இருக்கும்.

தமிழ்ப் பெயரைத் தலைகீழாக்குவது

கா. சிவத்தம்பி என்றால் பட்டியலில் "சிவத்தம்பி, கா." "கார்த்திகேசு, சி." என்று எழுதாதீர்கள், கார்த்திகேசு அவருடைய தகப்பனார் பெயர்.

இணைய முகவரியை மட்டும் போடுவது

போதாது. எழுதியவர், தலைப்பு, நீங்கள் பார்த்த திகதி மூன்றும் வேண்டும்.

போட்டோக்கொப்பியில் உள்பக்கங்களை மட்டும் எடுப்பது

ரீச்சர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் நூலகத்தில் இரண்டு நூல்களில் சில பக்கங்களைப் பிரதி எடுத்து வந்தார். முதலாவதில் தலைப்புப் பக்கம் இல்லை. அன்று பின்னேரமே திரும்பப் போய் எடுத்தார், ஏனென்றால் பஸ் ஏறிவிட்டால் அடுத்த விடுமுறை வரை அந்த நூலின் பதிப்பகத்தைத் தெரிந்துகொள்ள வழியில்லை. பிரதி எடுக்கும்போது தலைப்புப் பக்கத்தையும் அதன் மறுபக்கத்தையும் முதலில் எடுங்கள், பிறகு தேவையான பக்கங்களை எடுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் நூலின் பெயரைப் பேனையால் எழுதுங்கள். பக்க எண் இயந்திரத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் நூலை ஒப்படைப்பதற்கு முன்பே கையால் எழுதிக்கொள்ளுங்கள்.