பூட்டியது, ஆனால் வாடகை நிற்கவில்லை

பெர்லினில் முதல் தடவை மின்சார ஸ்கூட்டர் எடுத்தபோது கியூஆர் கோடு கீறி அழிந்திருந்தது, எத்தனை தடவை காட்டினாலும் கேமரா படிக்கவில்லை. கைப்பிடிக்கு நடுவே கோடுக்குக் கீழேயே அச்சிட்டிருந்த எண்ணை செயலியில் தட்டியதும் விளக்கு எரிந்து திறந்துகொண்டது. சரி, பிரச்சினை அதில் இல்லை.

இறங்கியதும் திரையில் இரண்டு பொத்தான்கள். நான் அழுத்தியது `Fahrt pausieren`. வண்டி பூட்டிக்கொண்டது, விளக்கும் அணைந்தது, முடிந்துவிட்டது என்று நினைத்து உள்ளே போய் நாற்பது நிமிடம் காபி குடித்தேன். அது இடைநிறுத்தம்தான், நிமிடத்துக்கு 25 சென்ட் வீதம் ஓடிக்கொண்டே இருந்தது, ஆக நின்ற வண்டிக்கு மட்டும் 10 யூரோ!

முடிப்பதற்கான பொத்தான் `Fahrt beenden`. அதை அழுத்தினால் இங்கே நிறுத்தக்கூடாது என்று வந்தது, வரைபடத்தில் நான் நின்ற இடம் சிவப்பு. P குறியிட்ட இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன், அப்போதும் மறுத்தது. உயரமான கட்டடத்தை ஒட்டி நின்றதால் ஜிபிஎஸ் என் புள்ளியைத் தெருவுக்கு அந்தப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் திறந்த பக்கமாக நகர்ந்து அரை நிமிடம் நின்றதும் புள்ளி சரியான இடத்துக்கு வந்தது. அப்புறம் வண்டியை முழுதாகப் படம் எடுக்கச் சொன்னது. படத்தை அனுப்பி, மொத்தத் தொகை திரையில் வந்த பிறகுதான் கைபேசியைப் பைக்குள் வைத்தேன்.