மஞ்சளும் மெரூனும்: திரையிலும் தாளிலும் படிக்கிற மாதிரி நிறம் தேர்வது எப்படி?

மசாலாப் பொடி விற்கும் ஒரு சின்ன பிராண்டுக்கு நிறம் தேர்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள்தூளின் மஞ்சள், மிளகாய் வற்றலின் மெரூன். கீழே முதலில் இருப்பது திரைக்கான குறியீடு, அடுத்து அச்சுக்கான நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் சதவீதம்.

```
#F2A900   C0  M35  Y100 K0
#5A1020   C30 M100 Y70  K50
```

1. நிறத்தை ஜோடியாகப் பாருங்கள். எழுத்தின் நிறத்தையும் பின்னணியையும் WebAIM Contrast Checker பக்கத்தில் கொடுத்தால் இரண்டின் வெளிச்ச வேறுபாட்டைச் சொல்லும் ஒரு விகிதம் வரும். இணையப் பக்கம் எல்லோராலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான WCAG விதிப்படி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3:1 போதும். வெள்ளையில் நம் மஞ்சள் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 2 தான், தலைப்புக்குக்கூடத் தேறாது. ஆனால் மஞ்சளில் மெரூன் 6.8, வெள்ளையில் மெரூன் 13.7. அதனால் மஞ்சளை மாற்ற வேண்டாம். அது பின்னணியாக மட்டும் இருக்கட்டும், எழுத்து வேலையை மெரூன் பார்க்கும்.

2. அச்சுக்குத் தனியாக யோசியுங்கள். திரையில் தேறிய ஜோடி தாளில் சறுக்கும் இடம் இதுதான். மெரூன் என்பது அச்சகத்தில் நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உண்டாகும் நிறம். ஒரு மை இம்மி விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பு நிழல் தட்டும். எனவே சேர்மானப் பட்டியல் போன்ற பொடி எழுத்தை K100, அதாவது கறுப்பு மை ஒன்றில் மட்டும் வையுங்கள். மஞ்சள் மேல் அதுவும் நன்றாகவே தெரியும்.

மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து இன்னும் வம்பு. மை தாளில் சற்றுப் பரவும். 6 பாயிண்டில் ‘ண’வின் சுழிகள் அடைந்துபோகும், புள்ளி காணாமல் போகும். ஆங்கில எழுத்து தப்பித்துவிடும் அளவில் தமிழ் தப்பிக்காது. நான் 9 பாயிண்டுக்குக் கீழே இறங்குவதில்லை, அதுவும் தடித்த எழுத்தாக.

3. தாள் எது என்று முதலில் கேளுங்கள். ஆஃப்செட் மை ஒளி ஊடுருவக்கூடியது. அதனால் பழுப்பு கிராஃப்ட் தாளில் நம் மஞ்சள் கடுகு நிறமாக மங்கிவிடும். அடியில் வெள்ளை மை போட முடியுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். முடியாவிட்டால் அந்தப் பையில் மஞ்சளை விட்டுவிட்டு மெரூன் மட்டும் அடிக்கலாம், ஒன்றும் குறையாது.

4. ப்ரூஃப். உண்மையான அளவில், அதே தாளில் எடுத்து, கை நீட்டிய தூரத்தில் படித்துப் பாருங்கள். வெயிலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை. அப்புறம் அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். எழுத்து பின்னணியோடு கலந்தால் மெரூனை இன்னும் கருமையாக்க வேண்டும். சரியான ப்ரூஃபில் தேதி போட்டு, வெயில் படாத கவரில் வையுங்கள். அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது மொபைலை நீட்டாமல் அந்தத் தாளைக் கொடுங்கள்.