அம்மாவின் சீனி அளவை ரொறன்ரோவில் பார்ப்பது எப்படி? விசுவமடுவிலிருந்து ஒரு செய்முறை

அம்மா விசுவமடுவில் தனியாக இருக்கிறார். இரவில் இன்சுலின் போடுகிறார். நான் கிளிநொச்சியில், அக்கா ரொறன்ரோவில். அம்மாவின் மேற்கையின் பின்புறத்தில் ஒரு நாணயம் அளவில் சென்சர் ஒட்டியிருக்கிறது. அது தோலுக்கடியிலுள்ள நீரில் சீனியை அளந்து, புளூடூத் வழியாக அவருடைய போனுக்கு அனுப்புகிறது. போன் அதை இணையத்தில் ஏற்றுகிறது, அங்கிருந்து எங்கள் போன்களுக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அறுந்தது என்பதும் சில வேளை தெரியாது. ஆகவே ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்போம். நாங்கள் பாவிப்பது ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2. வேறு சென்சர் என்றால் பட்டன்களின் பெயர்களும் கீழே வரும் நாள், நேர, தூரக் கணக்குகளும் மாறலாம்.

முதற்படி: பெட்டியை உடைக்கும் முன்

எங்களுக்குச் சென்சர் கனடாவிலிருந்து வருகிறவர்களின் பயணப்பையில் வருகிறது. ஒரு நாட்டில் விற்ற சென்சரை இன்னொரு நாட்டுக்கான செயலி ஏற்காமல் போகலாம். எனவே அம்மாவின் போனில் எந்தச் செயலியை இறக்க முடிகிறது, அந்தப் போன் மாதிரி அதற்குப் பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள். அதன் பிறகே யாரிடமும் பணம் கொடுங்கள். பெட்டியில் காலாவதித் திகதியும் வைக்க வேண்டிய வெப்பநிலையும் அச்சிட்டிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் வைக்காதீர்கள். எங்களுடையது குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் இருக்கிறது, உறைபனி அறையில் அல்ல.

ஒட்டியபின் ஒரு மணி நேரம் அது எண் காட்டாது. 14 நாள் முடிந்ததும் தானாக நின்றுவிடும். முதல் நாள் காட்டுவதை நான் அவ்வளவு நம்புவதில்லை.

இரண்டாம் படி: அலகைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இது. எங்களை மிகவும் குழப்பியதும் இதுதான். இங்கே கிளினிக் கொப்பியிலும் விரல் குத்திப் பார்க்கும் கருவியிலும் சீனி mg/dL கணக்கில் இருக்கும். கனடாவுக்கான செயலி mmol/L காட்டுகிறது. அக்கா தொலைபேசியில் "அம்மாவுக்கு ஐந்து புள்ளி ஐந்து" என்றதும் பக்கத்து வீட்டு மாமி பதறிப்போய்ச் சீனித் தண்ணீர் கரைக்கத் தொடங்கிவிட்டார். அது ஏறக்குறைய 100, மிகச் சாதாரணமான எண்.

ஒன்றை மற்றதாக்க 18 போதும். mmol/L எண்ணை 18ஆல் பெருக்கினால் mg/dL வரும். மாமிக்காகச் சுவரில் ஏறக்குறைய எண்களாக இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன்:

```
3.9 = 70
4.4 = 80
5.5 = 100
10.0 = 180
13.3 = 240
```

மூன்றாம் படி: அம்மாவின் போனைத் தூங்கவிடாதீர்கள்

செயலியைத் தொடங்கி, அம்மாவின் பெயரில் கணக்குத் திறந்து, புதிய சென்சரைப் போனாலேயே தொடக்கி வையுங்கள். பிறகு எச்சரிக்கை ஒலிகளை இயக்குங்கள். தாழ்வு எச்சரிக்கையை 3.9இல் விடாமல் வைத்தியரிடம் கேட்டு 4.4இல் வைத்திருக்கிறோம். சென்சர் இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பிந்தித்தான் சொல்லும். சீனி வேகமாக இறங்கும்போது அந்தச் சில நிமிடங்கள் தேவைப்படும்.

சில ஆண்ட்ராய்டு போன்கள் பற்றரியைச் சேமிக்கிறோம் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். போனின் அமைப்புகளில் அந்தச் செயலியின் பற்றரிப் பகுதிக்குப் போய், கட்டுப்பாடு இல்லை என்பதைத் தெரிவு செய்யுங்கள். அறிவிப்பு, புளூடூத், இருப்பிடம் ஆகியவற்றுக்கான அனுமதிகளையும் கொடுங்கள். திறந்திருக்கும் செயலிகளை விரலால் தள்ளி மூடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தது. இந்த ஒன்றை மட்டும் தள்ளக் கூடாது என்று புரியவைக்க இரண்டு வாரம் எடுத்தது.

போன் சென்சரிலிருந்து ஏறக்குறைய 6 மீற்றருக்குள் இருக்க வேண்டும். கிணற்றடிக்குப் போகும்போது போன் வீட்டிலிருந்தால் தொடர்பு விடும். 20 நிமிடம் தொடர்பு இல்லையென்றால் செயலி ஒலியெழுப்பும், அதையும் இயக்கி வையுங்கள். சென்சர் 8 மணி நேரத் தரவைத் தன்னுள் வைத்திருப்பதால், திரும்பி வந்து போனைக் கைக்கு அருகே பிடித்ததும் விட்டுப்போன கோடு நிரம்பும்.

நான்காம் படி: பார்ப்பவரைச் சேர்த்தல்

அம்மாவின் செயலியில் மெனுவைத் திறந்து, `Connected Apps` என்பதற்குள் `LibreLinkUp` என்பதைத் தட்டி, பார்ப்பவரின் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். அவர் தன் போனில் `LibreLinkUp` செயலியை இறக்கி, அதே மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, அழைப்பை ஏற்க வேண்டும். வேறு மின்னஞ்சலில் திறந்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்பவர்கள்தான் அதிகம். பார்ப்பவர் தன் பக்கத்திலும் எச்சரிக்கையை இயக்க வேண்டும். அம்மாவின் போனில் இயக்கியது இங்கே தானாக வராது. செயலியின் பழைய பதிப்பென்றால் போனைச் சென்சரில் பிடித்துப் பார்க்கும்போது மட்டுமே எண் போகும், ஆகவே முதலில் புதுப்பியுங்கள்.

இன்னொன்று. அம்மாவின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். அத்தான் ஆசையாக அம்மாவின் கணக்கிலேயே ரொறன்ரோவில் நுழைந்துவிட்டார். ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் அந்தக் கணக்கு திறந்திருக்கும். அவர் உள்ளே போனதும் அம்மாவின் போன் வெளியே தள்ளப்பட்டது. அன்றிரவு முழுவதும் எங்களில் எவருக்கும் எண் வரவில்லை.

ஐந்தாம் படி: ஓடி வருபவர் யார்?

அக்காவால் பார்க்க முடியும், ஆனால் சீனி கரைத்துக் கொடுக்க முடியாது. நான் கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும். நடந்து வரும் தூரத்தில் ஒருவர் வேண்டும். எங்களுக்கு மாமி. அவரிடம் வீட்டுச் சாவி ஒன்றும், விரல் குத்தும் கருவியைப் பாவிக்கும் பழக்கமும், சுவரில் ஒட்டிய அந்தத் தாளும் இருக்கின்றன. செயலி அவரிடம் இல்லை, தேவையுமில்லை.

கடந்த ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விரதம் இருந்தார். இரவில் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு இன்சுலினை வழக்கமான அளவிலேயே போட்டுவிட்டார். சனி அதிகாலை 2.40க்கு எண் 4.4க்கு இறங்கியது, அம்புக்குறி கீழ்நோக்கியிருந்தது. ரொறன்ரோவில் அப்போது வெள்ளி மாலை 5.10. நேர வித்தியாசம் ஒன்பதரை மணி (அங்கே குளிர்காலத்தில் பத்தரை) என்பதால் எங்கள் நடுச்சாமம் அக்காவின் வேலை முடியும் நேரம். இரவுக் காவலை நாங்கள் அவரிடம் விட்டதற்குக் காரணம் அதுதான்.

அம்மாவின் போன் கத்தியும் அவர் எழும்பவில்லை. அக்கா அழைத்தும் எடுக்கவில்லை. அடுத்த அழைப்பு மாமிக்கு. மாமி டோர்ச்சோடு போனபோது அம்மா வியர்த்துக் கிடந்தார், கூப்பிட்டால் முனகினார். தட்டி எழுப்பி உட்காரவைத்ததும் விழுங்கக்கூடிய தெளிவு வந்தது. விரல் குத்தியதில் 63. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். 15 நிமிடத்தில் விரல் 88 காட்டியது. சென்சரோ 3.4 என்றே நின்றது, அதாவது 61. அக்கா "இன்னும் கொடுங்கள்" என்று அவசரப்படுத்தினார். மாமி கொடுக்கவில்லை, அவர் செய்தது சரி. ஏறும்போதும் சென்சர் பிந்தும், அப்போது விரல் சொல்வதையே கேட்க வேண்டும். ஆள் மயங்கி விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான இரவும் இருந்தது. 6.5இல் நேராகப் போன கோடு கிணற்றில் கல் விழுந்ததுபோல் 3.2க்கு இறங்கியது. மாமி போய்ப் பார்த்தால் அம்மா நன்றாகத் தூங்குகிறார், விரலில் 104. சென்சர் ஒட்டிய கையை அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். மெய்யான தாழ்வு பெரும்பாலும் சரிவாக இறங்கும். அழுத்தத்தால் வருவது செங்குத்தாக விழும், புரண்டு படுத்ததும் ஏறிவிடும். ஆனாலும் விரல் குத்திப் பார்க்காமல் அழுத்தம்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

சங்கிலி அறுவது எங்கே?

மின்வெட்டில் வைபை பெட்டி அணையும், ஆகவே போனில் எப்போதும் டேட்டா இருக்க வேண்டும். இந்த எண்கள் மிகக் கொஞ்ச டேட்டாவைத்தான் தின்னும். டேட்டாவை முடிப்பது அம்மா பார்க்கும் நாடகங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் சிக்னல் போய்ப் போய் வரும். இணையம் இல்லாதபோதும் சென்சருக்கும் அம்மாவின் போனுக்கும் இடையிலான புளூடூத் வேலை செய்யும், அவரருகே ஒலி எழும். எங்களுக்குத்தான் வராது.

எனவே பார்ப்பவர் முதலில் எண்ணைப் பார்க்கக் கூடாது. அது எத்தனை மணிக்கு வந்த எண் என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய 7.2 இப்போது எதையும் சொல்வதில்லை. அரைமணிக்கு மேல் பழையதென்றால் அழைப்பது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

யார் பார்க்கலாம் என்பதை அம்மா சொல்லட்டும்

தொடக்கத்தில் அக்கா ஒவ்வொரு நாளும் வரைபடத்தைப் படமெடுத்துக் குடும்ப வைபர் குழுவில் போட்டார். ஜெர்மனியிலிருந்து சின்னம்மா வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார், லண்டன் மாமா சோற்றை நிறுத்தச் சொன்னார். அம்மாவின் உடம்பு ஊர்ப் பேச்சானது. நிறுவனத்தின் சர்வரில் இருப்பதைவிட அந்தக் குழுவில் இருப்பதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. குழுவில் போட்ட படத்தை யார் யார் சேமித்தார்கள் என்று ஒருபோதும் தெரியப் போவதில்லை. இணைப்பையோ அம்மாவின் செயலியில் அதே பட்டியலுக்குப் போய் எந்த நேரமும் நீக்கலாம். போனைத் திருத்தக் கொடுக்கும் முன் செயலியிலிருந்து வெளியேறிவிடுங்கள். திருத்துபவர் பூட்டுக் குறியீட்டைக் கேட்பார், நாமும் கொடுத்துவிடுவோம்.

வற்றாப்பளைப் பொங்கலன்று அம்மா போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். நாங்கள் துடித்துப்போனோம். திரும்பி வந்தவர் சொன்னார்: "பிள்ளை, நான் பொங்கல் சாப்பிட்டதுக்கு ரொறன்ரோவிலிருந்து ஏச்சு வாங்கவா?" முந்தைய வாரம் ஒரு மாம்பழத்துக்கு அக்கா அழைத்துக் கண்டித்திருந்தார்.

அன்றிரவே அக்கா தன் செயலியில் உயர்வு எச்சரிக்கையை நிறுத்திவிட்டார். தாழ்வு எச்சரிக்கையும் தொடர்பு விட்ட எச்சரிக்கையும் மட்டும் இருக்கின்றன. உயர்வுக் கோடுகளைக் கிளினிக் நாளில் அம்மாவே வைத்தியரிடம் காட்டுகிறார். இப்போது கோயிலுக்குப் போகும்போது போன் அவருடைய கைப்பையில் இருக்கிறது.