மங்கலான மாத்திரை அட்டைப் படத்தில் பேட்ச் எண்ணும் தேதிகளும் படிப்பது எப்படி?

2024 ஏப்ரலில் பூம்பாறையிலிருந்து சித்தி ஒரு படம் அனுப்பினார். பிரஷர் மாத்திரை அட்டை. "இத இன்னும் சாப்பிடலாமாப்பா, பாத்துச் சொல்லு" என்று கூடவே ஒரு குரல் பதிவு. படத்தைத் திறந்தால், வெள்ளித் தகட்டின் நடுவில் ஃபிளாஷ் விழுந்து ஒரு பெரிய வெள்ளைப் பொட்டு. ஓரத்தில் எழுத்து இருப்பதுபோலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது.

நான் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் சில வருடங்கள் நின்றவன். அதனால் மேல்மலைச் சொந்தங்களின் மாத்திரைப் படமெல்லாம் என் போனுக்குத்தான் வரும். அவற்றில் பாதிக்கு மேல் முதல் பார்வையில் படிக்க முடியாதவை. அன்று சித்தியின் அட்டையைப் படித்த விதத்தை அப்படியே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த வகை எழுத்து என்று பாருங்கள்

அட்டையில் மருந்தின் பெயர், கம்பெனி முகவரி எல்லாம் தெளிவாக அச்சாகியிருக்கும். பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், விலை ஆகியவை மட்டும் ஒவ்வொரு தொகுதிக்கும் மாறுவதால் கடைசியில் தனியாகக் குத்துவார்கள். அது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று கறுப்பு மையில் அடிப்பது. ஈரக் கையோ சானிடைசரோ பட்டால் சிலசமயம் அழிந்துவிடும். அழிந்த இடத்தில் எப்படிப் படம் எடுத்தாலும் எதுவும் கிடைக்காது. இன்னொன்று மையே இல்லாமல் அச்சை அழுத்தி, எழுத்தைத் தகட்டில் புடைக்க வைப்பது. சித்தியின் அட்டை இந்த இரண்டாவது ரகம். படத்தில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான், சரியாக எடுத்தால் முழுசாகத் திரும்பக் கிடைப்பதும் இதுதான்.

புடைத்த எழுத்துக்கும் அதைச் சுற்றியுள்ள தகட்டுக்கும் நிறம் ஒன்றே. ஆகவே கண்ணுக்குத் தெரிவது எழுத்தே அல்ல, அதன் மேட்டில் விழும் நிழல். ஃபிளாஷ் நேர் எதிரிலிருந்து அடிப்பதால் நிழலே விழாது. அதோடு தகடு கண்ணாடிபோல அந்த வெளிச்சத்தை அப்படியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

மறுபடி எடுக்கச் சொல்வது

அட்டை இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது என்றால், கிடைத்த படத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். சித்திக்குப் போனில் சொன்னது இவ்வளவுதான்.

"சித்தி, மொதல்ல கேமரா கண்ணாடிய முந்தானையால தொடைங்க. ஃபிளாஷ அணைச்சிடுங்க. அட்டைய ஒரு புஸ்தகத்து மேல படுக்க வைங்க. சித்தப்பா போன்ல டார்ச்சப் போட்டு, அட்டைக்கு இடது பக்கம் மேசையிலயே ஓரத்துல நிமித்தி வைங்க, டார்ச் அட்டையப் பாத்து இருக்கணும். வெளிச்சம் அட்டை மேல தரையோட தரையா ஓடணும்."

கண்ணாடியைத் துடைப்பது சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் பனிக்குளிரில் கிடந்த போனை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். எங்கள் பக்கத்துப் படங்களில் பாதி மங்கல் இதனால்தான்.

அப்புறம் தூரம். எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று போனை அட்டையோடு ஒட்டிக்கொண்டு போவார்கள். ரொம்பக் கிட்டப் போனால் பல போன்களின் கேமரா குவியாது. ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் இரண்டு மடங்கு பெரிதாக்கி, எழுத்தின் மேல் ஒருமுறை விரலால் தட்டிவிட்டு எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். அதனால் 'Document' என்பதைத் தொட்டு, அந்த வழியாக அனுப்பச் சொன்னேன்.

ஒரு படம் போதாது, இரண்டு வேண்டும்

மருந்துக்கடைக்காரர்கள்கூடக் கவனிக்காத இடம் இது. வெளிச்சம் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதே திசையில் கிடக்கும் கோட்டுக்கு நிழல் விழாது. இடதுபக்கமிருந்து வெளிச்சம் வந்தால் எழுத்தின் நிற்கும் கோடுகள் பளிச்சென்று தெரியும், படுக்கும் கோடுகள் மறைந்துவிடும். வெளிச்சம் அட்டையின் கீழ்ப்பக்கமிருந்து வந்தால் அப்படியே தலைகீழ்.

இதனால் இடது வெளிச்சத்தில் மட்டும் எடுத்த படத்தில் 2-இன் அடிக்கோடு காணாமல் போய் அது 7 மாதிரி நிற்கலாம். கீழ் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தால் 8-இன் இடதுபக்க வளைவு கரைந்து 3 ஆகிவிடலாம். ஆகவே டார்ச்சை இடதுபக்கம் வைத்து ஒன்று, கீழ்ப்பக்கம் வைத்து ஒன்று என்று இரண்டு படம் வாங்குங்கள். அட்டை அசையக் கூடாது, டார்ச் மட்டும் இடம் மாற வேண்டும்.

படம் வந்த பின் செய்ய வேண்டியது

எழுத்து இருக்கும் ஓரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். கேலரியிலேயே கறுப்பு-வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 'ஷார்ப்' ஆக்கும் பொத்தானை நான் தொடுவதில்லை. தகட்டில் இருக்கும் சுருக்கத்தையும் அது எழுத்தின் கோடுபோலத் தடிமனாக்கிவிடும்.

அடுத்து, எழுத்து திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்திக் குத்திய எழுத்து தகட்டின் பின்பக்கமும் தெரியும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாக. 0, 8 இரண்டும் திரும்பினாலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்; ஆபத்து 2-இலும் 5-இலும். திரும்பிய 2 மங்கலில் 5 போலத் தெரியும், திரும்பிய 5 மங்கலில் 2 போலத் தெரியும். மாதத்துக்கும் வருடத்துக்கும் நடுவே உள்ள சாய்கோட்டைப் பாருங்கள். அது வலப்பக்கம் சாயாமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் படம் திரும்பியிருக்கிறது. கேலரியில் இடவலமாகத் திருப்பிவிட்டுப் படியுங்கள்.

தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள்

சித்தி அனுப்பிய இரண்டு புதுப்படங்களில் முதலாவதை, அதாவது இடது வெளிச்சப் படத்தைப் பார்த்து, நான் தாளில் எழுதியது இது:

```
B.No. TB?215
MFG   0?/2022
EXP   0?/2024
```

தயாரித்த மாதம், தகட்டுச் சுருக்கத்தால், 3 அல்லது 8. காலாவதி மாதம் 2 அல்லது 7. அன்றைக்கு ஏப்ரல் என்பதால் இந்தக் குழப்பம் சும்மா விடக்கூடியதல்ல. காலாவதி மாதத்தின் கடைசி நாள்வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்பது இந்திய மருந்து விதி. 02/2024 என்றால் பிப்ரவரி 29-ஆம் தேதியோடு கெடு முடிந்தது. 07/2024 என்றால் ஜூலை 31 வரை சாப்பிடலாம்.

இங்கேதான் இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பது கைகொடுக்கும். பல கம்பெனிகள் இரண்டு வருடமோ மூன்று வருடமோ கெடு வைத்து, முடியும் மாதத்தைத் தயாரித்த மாதத்துக்கு முந்தைய மாதமாகக் குத்துகின்றன. மார்ச் 2022-இல் தயாரித்தால் பிப்ரவரி 2024, ஆகஸ்ட் 2022 என்றால் ஜூலை 2024. அந்தக் கணக்குப்படி மேலே 3 என்றால் கீழே 2, மேலே 8 என்றால் கீழே 7. இரண்டு சந்தேகமும் ஒரே சந்தேகமாகச் சுருங்கிவிட்டது. 3-ஐயும் 8-ஐயும் பிரிப்பதைவிட 2-ஐயும் 7-ஐயும் பிரிப்பது சுலபம், அடிக்கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

அடிக்கோடு படுக்கும் கோடு. எனவே கீழ் வெளிச்சப் படத்தைத் திறந்தேன். மெல்லிய நிழல் ஒன்று அடியில் நேராக ஓடியது. பக்கத்திலேயே 2024-இல் சந்தேகமில்லாத 2 ஒன்று இருக்கிறதே, அதன் அடிக்கோட்டோடு ஒப்பிட்டால் அதே நீளம், அதே உயரம். ஒரே அட்டையில் ஒரே அச்சு குத்திய எண்கள் ஒரே சாயலில்தான் இருக்கும். இந்த ஒப்பீட்டைவிட நம்பகமான சாட்சி படத்துக்குள் கிடையாது. ஆக, பிப்ரவரி. கெடு முடிந்துவிட்டது.

ஒன்று கவனியுங்கள். முந்தைய மாதக் கணக்கு விதி அல்ல, வழக்கம்தான். தயாரித்த அதே மாதத்தையே காலாவதிக்கும் குத்தும் கம்பெனி உண்டு, 18 மாதக் கெடு உள்ள மருந்தும் உண்டு. அந்தக் கணக்கு எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும், எண்ணைச் சொல்லாது. அடிக்கோடு தெரிந்திருக்காவிட்டால் கேள்விக்குறியை அப்படியே விட்டு, அந்த அட்டையைத் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பேன்.

பேட்ச் எண்ணுக்குக் கணக்கு உதவாது

தேதியில் மாதம் 12-ஐத் தாண்டாது, வருடமும் ஓரளவு தெரிந்ததுதான். பேட்ச் எண் அப்படியில்லை. எழுத்தும் எண்ணும் கம்பெனியின் இஷ்டப்படி கலந்து வரும். அந்தக் கேள்விக்குறி B ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். முன்னால் நிற்கும் சந்தேகமில்லாத B-யோடு ஒப்பிட்டேன். அதன் இடதுபக்கம் நேர்க்கோடு, இதில் கொஞ்சம் வளைவு. 8 என்றுதான் பட்டது, ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பென்சில். மெல்லிய வெள்ளைத்தாளை அந்த ஓரத்தின் மேல் வைத்து, பென்சில் முனையைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் புடைத்த எழுத்து தாளில் கறுப்பாக ஏறும். நாணயத்தின் மேல் தாள் வைத்துச் சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். எழுத்து மேடாக இருக்கும் பக்கத்தில், மாத்திரை இல்லாத ஓரத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். தாளில் பளபளப்பு கிடையாது, எந்த வெளிச்சத்தில் படம் எடுத்தாலும் தெளிவாக வரும்.

இன்னொன்று பில். மருந்துக்கடை பில்லில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். சித்தி அரிசி டப்பாவிலிருந்து பழைய பில்லை எடுத்து வாசித்தார்: TB8215, 02/24. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம், எனக்குத்தான் தோன்றவில்லை. ஆனால் பில்லை மட்டும் நம்பவும் முடியாது, போன மாத அட்டைக்கு இந்த மாத பில்லைக் காட்டுவது வீடுகளில் சகஜம். அட்டையில் உறுதியாகப் படித்த எழுத்துகள் அத்தனையும் பில்லோடு பொருந்தினால்தான் பில்லை வைத்து மிச்சத்தை நிரப்பலாம்.

பிரஷர் மாத்திரையை ஒருநாள்கூட விட வேண்டாம் என்பதால் அன்று மதியமே தம்பியிடம் புது அட்டை கொடுத்தனுப்பினேன். சித்தி அதைப் பிரிக்கும் முன்பே டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து இரண்டு படம் எடுத்து அனுப்பிவிட்டார். முன்பெல்லாம் எழுத்து இருக்கும் ஓரத்திலிருந்துதான் மாத்திரையைப் பிதுக்குவாராம், இரண்டே நாளில் தகடு கிழிந்து தேதி போய்விடும். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்.