கல்லாப்பெட்டி மட்டுமே உள்ள மளிகைக்கடையின் ஓராண்டு விற்பனையைச் சரக்கிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊரில் ஒரு மளிகைக்கடை. விற்பனை பெரும்பாலும் ரொக்கம், கொஞ்சம் கியூஆர், மீதி 555 புத்தகத்தில் கடன். பில் இயந்திரம் இல்லை. வருமான வரிக்கு ‘பி’ படிவம் நிரப்ப வேண்டும், கையில் இருப்பதோ மொத்த வியாபாரிகளின் பில் கட்டு மட்டும். இந்த நிலையில் விற்பனையை யூகித்து எழுதக் கூடாது, எழுதவும் தேவையில்லை. கல்லாவில் விழுந்த பணத்தை யாரும் எண்ணி வைக்கவில்லை என்றாலும், கடைக்குள் வந்த சரக்குக்கும் வெளியே போன சரக்குக்கும் தடயம் இருக்கிறது.

அடிப்படைக் கணக்கு இதுதான்:

```
விற்ற சரக்கின் அடக்கவிலை = தொடக்க இருப்பு + கொள்முதல் − இறுதி இருப்பு
விற்பனை = அடக்கவிலை × (1 + மார்க்கப்)
```

இதில் சூத்திரம் எளிது. ‘கொள்முதல்’, வாங்கிய விலைமேல் ஏற்றி விற்கும் ‘மார்க்கப்’ என்ற இரண்டு இடங்களில்தான் கணக்கு கெட்டுப்போகும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஒரு கடையின் எண்கள், தொகை எல்லாம் வெள்ளியில்.

படி 1: கொள்முதலை முழுசாகப் பிடியுங்கள்

பில்களை மாதவாரியாக அடுக்கிக் கூட்டுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். லோரியில் வரும் பெரிய வியாபாரியின் பில் பத்திரமாக இருக்கும். வேனில் வந்து ரொக்கம் வாங்கிப் போகும் முறுக்கு, மிக்சர்காரரின் துண்டுச்சீட்டு இருக்காது. பசார் போரோங்கில் விடியற்காலையில் வாங்கிய காய்கறிக்குச் சீட்டே கிடையாது. விடுபட்ட ஒவ்வொரு பில்லும் விடுபட்ட விற்பனை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சப்ளையர் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றி வாருங்கள். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் காட்டி “இது யார்கிட்ட வாங்குறீங்க, அண்ணே?” என்று கேளுங்கள். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் அந்தச் சப்ளையரிடம் ஆண்டு முழுமைக்குமான கணக்கு அறிக்கை கேட்டு வாங்குங்கள். காய்கறிக்கு வேறு வழியில்லை, நான்கு வாரம் தினசரி கொள்முதலை நோட்டில் எழுதச் சொல்லி அதை ஆண்டுக்கு நீட்டுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களை அந்த நான்கில் சேர்க்காதீர்கள், அவற்றுக்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

பிறகு சரக்கு அல்லாததை நீக்குங்கள். பிளாஸ்டிக் பை, தராசு, குளிர்பெட்டி எல்லாம் அதே பில்லில் கலந்திருக்கும். டிசம்பர் கடைசியில் இறங்கிய சரக்கின் பில் ஜனவரி தேதியில் இருந்தால் அது பழைய ஆண்டின் கொள்முதல். இறுதி இருப்பில் எண்ணிய பொருளின் பில் அதே ஆண்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாப் அப் விற்பனையை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம். கடைக்குச் சேருவது கமிஷன் மட்டும், அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

படி 2: இருப்பு

டிசம்பர் 31 அன்று எண்ணியிருந்தால் நல்லது. வாங்கிய விலையில் எண்ண வேண்டும், விற்கும் விலையில் அல்ல. சென்ற ஆண்டுகளின் படிவத்தை எடுத்துப் பார்த்தால் இருப்பு எல்லா ஆண்டிலும் ஒரே முழு எண்ணாக, 10,000 என்றே இருந்தால், அதை யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட கடையில் இன்றைய தேதியில் எண்ணிவிட்டு, இடையில் வாங்கியதைக் கழித்து, விற்றதன் அடக்கவிலையைக் கூட்டிப் பின்னோக்கிப் போகலாம். இடைவெளி இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

படி 3: மார்க்கப்பை அலமாரியிலிருந்து எடுங்கள்

“எல்லாத்துக்கும் இருபது பெர்சன்ட் வைப்போம்” என்று கடைக்காரர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அது விலை ஒட்டும்போது மனதில் இருக்கும் கணக்கு. கைக்கு வருவது வேறு.

பருப்பை எடுத்துக்கொள்வோம். 25 கிலோ மூட்டை 110 வெள்ளி, அதாவது கிலோ 4.40. சில்லறையாக 5.50க்கு விற்கிறார். காகிதத்தில் மார்க்கப் 25 விழுக்காடு. ஆனால் மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடும்போது தூசு, சிந்தல், தராசில் கொஞ்சம் தாராளம் எல்லாம் போய் 24.4 கிலோதான் விற்பனைக்கு நிற்கிறது. வரவு 134.20. மார்க்கப் 22 விழுக்காடு. இப்படி ஒரு மூட்டையைப் பக்கத்தில் நின்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விகிதம் தெரியும்.

எதிர்த் திசையிலும் தவறு வரும். பத்துப் பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்றால், பில்லில் உள்ள மொத்தத் தொகையைப் பதினொன்றால் வகுக்க வேண்டும். இல்லையென்றால் மார்க்கப் குறைவாகத் தெரியும்.

ஒவ்வொரு பிரிவிலும் அதிகப் பணம் போகும் பத்துப் பதினைந்து பொருளைத் தேர்ந்தெடுங்கள். வாங்கும் தொகையின் எடைப்படி சராசரி எடுங்கள். மாதத்துக்கு இரண்டு டப்பா போகும் பொருளும் இருபது மூட்டை போகும் அரிசியும் சமமல்ல.

சர்க்கரை, பாக்கெட் எண்ணெய் போன்ற விலைக்கட்டுப்பாட்டுச் சரக்குக்கு மார்க்கப்பை யூகிக்கவே வேண்டாம். சாதாரண சர்க்கரை கிலோ 2.85, மானிய எண்ணெய் ஒரு கிலோ பாக்கெட் 2.50 என்று விலை தெரியும். பில்லில் உள்ள பாக்கெட் எண்ணிக்கையை அதனால் பெருக்கினால் விற்பனை வந்துவிடும். உங்கள் பிரிவுக் கணக்கு சரியா என்று உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடைக்காது.

படி 4: பிரிவு பிரிவாகப் போடுங்கள்

| பிரிவு | அடக்கவிலை | மார்க்கப் | விற்பனை |
|---|---|---|---|
| அரிசி, பருப்பு, மசாலா, டின் | 120,000 | 15% | 138,000 |
| விலைக்கட்டுப்பாட்டுச் சரக்கு, கேஸ் | 40,000 | 6% | 42,400 |
| சிகரெட் | 60,000 | 5% | 63,000 |
| காய்கறி | 36,000 | 40% | 42,840 |
| பலகாரம், பானம், சோப்பு, பூஜைப் பொருள் | 50,000 | 25% | 62,500 |
| மொத்தம் | 306,000 | | 348,740 |

காய்கறியில் 36,000ஐ அப்படியே பெருக்கவில்லை. 15 விழுக்காடு அழுகிப் போகிறது, எனவே 30,600ஐத்தான் 1.40ஆல் பெருக்கியிருக்கிறோம்.

இந்த ஐந்து விகிதத்தையும் கூட்டி ஐந்தால் வகுத்து, 18.2 என்று மொத்தச் சரக்குக்கும் போட்டால் 361,692 வரும். 12,952 வெள்ளி அதிகம். சிகரெட்டும் கேஸும் அடக்கவிலையில் பெரிய பங்கு, லாபத்தில் சின்னப் பங்கு என்பதையும், காய்கறியில் 15 விழுக்காடு அழுகிப் போவதையும் அந்தச் சராசரி மறைத்துவிடுகிறது. வரி அதிகாரி அப்படி ஒரு விகிதத்தைப் போட்டு வந்தால் இந்த அட்டவணைதான் பதில்.

இன்னொன்று: 15 விழுக்காடு என்பது வாங்கிய விலையின் மீதா, விற்ற விலையின் மீதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்ற விலையின் மீது என்றால் 120,000ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், 141,176 வரும். முதல் பிரிவில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

படி 5: வீட்டுக்குப் போனது

மாதம் 450 வெள்ளி அடக்கவிலைக்கு அரிசியும் மசாலாவும் வீட்டுக்குப் போகிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 5,400. விற்ற விலையில் 6,210. இது கல்லாவைத் தொடவே இல்லை, எனவே கழித்தால் 342,530. ஆனால் இந்தத் தொகையை மறந்துவிடாதீர்கள். 1967 வருமான வரிச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கு சந்தை விலையில் மொத்த வருமானத்தில் சேரும். ரொக்கத்தைச் சரிபார்க்கக் கழிக்கிறோம், வரிக்குத் திரும்பச் சேர்க்கிறோம்.

படி 6: ரொக்கத்தோடு மோதிப் பாருங்கள்

சரக்கு சொல்லும் விற்பனையில் கடனும் அடங்கும். தோட்டச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வருவதால், டிசம்பர் 31 அன்று 555 புத்தகங்கள் கனத்துத்தான் இருக்கும். சம்பளம் வந்தபின் ஜனவரி நடுவில் எண்ணினால் கடன் குறைவாகத் தெரிந்து கணக்கு இடிக்கும். அன்றைய தேதியில் நிலுவை என்ன என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

நம் கடையில் கடன் நிலுவை 11,000இலிருந்து 14,500 ஆகியிருக்கிறது. தோட்டம் மாறிப் போனவர்களின் 1,800 வராது என்று தள்ளியாயிற்று. ஆக, கைக்கு வந்திருக்க வேண்டியது 342,530 − 3,500 − 1,800 = 337,230.

எங்கே போனது? வங்கியில் போட்டதும் கியூஆரில் வந்ததும் 208,000. இதில் கடன் வாங்கியதும், வங்கியிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டதும் இருந்தால் நீக்கிவிடுங்கள். கல்லாவிலிருந்தே சப்ளையருக்குக் கொடுத்தது 88,000. உதவியாளர் சம்பளம், மின்சாரம், வாடகை 19,000. வீட்டுச் செலவு மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400. கூட்டினால் 329,400. இடைவெளி 7,830, மாதம் சுமார் 650.

இடைவெளி இந்தப் பக்கம் இருந்தால், அதாவது சரக்கு சொல்லும் பணம் அதிகமாகவும் செலவு குறைவாகவும் இருந்தால், முதலில் வீட்டுச் செலவைத்தான் சந்தேகிக்க வேண்டும். மகனின் மோட்டார் சைக்கிள் தவணை, கூட்டுப் பணம், திருமண மொய் எதுவும் அந்த 1,200இல் இருக்காது. மெதுவாகக் கடைக்காரர் வீட்டு அக்காவிடமும் கேளுங்கள், கணக்கு அவருக்குத்தான் தெரியும். இங்கே தவணை மாதம் 350 என்று தெரியவந்தால் 4,200 விளங்கிவிடும். மீதி 3,630, விற்பனையில் ஒரு விழுக்காடு. அதற்குமேல் தோண்ட வேண்டியதில்லை.

இடைவெளி எதிர்ப்பக்கம் இருந்தால் விஷயம் கனமானது. செலவானது வரவைவிட அதிகம் என்றால், வெளியிலிருந்து பணம் வந்திருக்கிறது அல்லது பில் இல்லாத கொள்முதல் இன்னும் ஒளிந்திருக்கிறது. படி 1க்குத் திரும்புங்கள். கிடைத்த கொள்முதலை ரொக்கச் செலவில் மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், அதற்கான விற்பனையும் அட்டவணையில் ஏற வேண்டும்.

எழுதி வைக்கும் எண்

ஒற்றை எண்ணைச் சொல்லி அதில் தொங்க வேண்டாம். இந்தக் கடையில் ஆட்டம் உள்ள இடங்கள் இரண்டு: காய்கறிச் சேதம் 10 முதல் 20 விழுக்காடு, முதல் பிரிவின் மார்க்கப் 14 முதல் 16. இரண்டையும் அசைத்துப் பார்த்தால் விற்பனை ஏறக்குறைய 339,000க்கும் 346,000க்கும் இடையில் நிற்கிறது. படிவத்தில் நடு எண் 342,530ஐயும் சொந்த உபயோகத்தையும் போட்டு, வரம்பையும் காரணத்தையும் கணக்குத் தாளில் எழுதுங்கள். பருப்பு மூட்டை பிரித்த கணக்கு, நான்கு வாரக் காய்கறி நோட்டு, டிசம்பர் 31 நிலவரப்படி எடுத்த 555 பக்கங்களின் படம் ஆகியவற்றை பில் கட்டோடு சேர்த்து வையுங்கள். ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகளில் எழுத்து அதுவரை நிற்காது என்பதால் அவற்றை மட்டும் இப்போதே நகல் எடுத்துவிடுங்கள்.