கார்டு ரீடரில் ஆமை வேகத்தில் காப்பி ஆகிறதா? கார்டைத் திட்டுவதற்கு முன்னால்

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம் முடித்துவிட்டு ராத்திரி பாளையங்கோட்டை ஸ்டுடியோவுக்கு வந்து கார்டைப் போட்டோம். 3,200 ரா ஃபைல், ஒன்று 25 எம்பி வீதம் மொத்தம் 80 ஜிபி. காப்பி வேகம் விநாடிக்கு 32 எம்பியிலேயே நின்றது, அப்படிப் போனால் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகும். கூட இருந்த தம்பி, "அண்ணாச்சி, கார்டு போயிட்டு போல"ன்னு சொன்னான்.

கார்டு போகவில்லை. விண்டோஸ் காப்பி ஜன்னலில் 'More details' அழுத்தினால் ஒரு பச்சை வரைபடம் வரும், அதைப் பாருங்கள். 30, 40 எம்பிக்குள் மட்டமாகக் கோடு போட்ட மாதிரி ஓடினால் பெரும்பாலும் ரீடர் யுஎஸ்பி 2.0 வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. முதலில் ஏறி அப்புறம் விழுந்து விழுந்து எழுந்தால் வாங்கிக்கொள்கிற ஹார்ட் டிஸ்க்தான் திணறுகிறது என்று சந்தேகப்படலாம்.

எங்கள் ரீடரும் போர்ட்டும் 3.0 தான். தப்பு, செருகிய விதத்தில்! 3.0 பிளக்கில் முன்னால் பழைய நாலு பின், உள்ளே தள்ளிப் புது ஐந்து பின் இருக்கும். மெதுவாக நுழைத்தால் முன்னால் இருக்கும் நாலு மட்டும் முதலில் தொட்டு, கம்ப்யூட்டர் அதை 2.0 என்றே எடுத்துக்கொள்வது உண்டு. 'Eject' கொடுத்துக் கழற்றி, ஒரே அழுத்தாக உள்ளே தள்ளினோம், 80 எம்பிக்கு ஏறியது, பதினேழு நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதற்கும் மசியவில்லை என்றால் ஹப்பை விட்டுவிட்டு, சிபியு பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் போடுங்கள். இன்னொன்று, சாதாரண யுஎச்எஸ்-1 கார்டுக்கு அந்தத் தரத்தின் உச்சமே 104 எம்பிதான், அதனால் 80, 90 வந்தாலே நல்ல வேகம்.

அடுத்த தவறு, எடிட்டிங் சாஃப்ட்வேரை வைத்தே கார்டிலிருந்து இம்போர்ட் செய்வது. அது காப்பி எடுத்துக்கொண்டே பிரிவியூவும் கட்டும், டிஎன்ஜியாக மாற்றச் சொல்லியிருந்தால் அதையும் செய்யும், பழியெல்லாம் கார்டு மேல். முதலில் எஸ்எஸ்டிக்குச் சும்மா காப்பி எடுங்கள், அப்புறம் அந்த ஃபோல்டரை 'Add' கொடுத்துச் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால் நான் இழுத்துப் போடுவதில்லை, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதுதான்:

```
robocopy E:\DCIM D:\Kalyanam /E /MT:8 /R:2 /W:2
```

E கார்டு, D எஸ்எஸ்டி, உங்கள் எழுத்தை மாற்றிக்கொள்ளுங்கள். `/MT:8` சின்ன ஜேபெக் நிறைய இருந்தால் உதவும், பெரிய ரா ஃபைலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. `/R:2 /W:2` மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் படிக்க முடியாத ஒரே ஒரு ஃபைலுக்காக முப்பது விநாடிக்கு ஒருமுறை என்று பத்து லட்சம் தடவை முயன்றுகொண்டு அங்கேயே நிற்கும். நடுவில் கரண்ட் போனாலும் அதே வரியைத் திரும்ப ஓட்டினால் போதும், முழுதாக வந்த ஃபைல்களைத் தாண்டி மிச்சத்தை மட்டும் எடுக்கும். கடைசியில் வரும் கட்டத்தில் `FAILED` கீழே 0 இருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு காப்பி போட்ட பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வேன்.